ஒரு காட்சியில் வந்து போகிறவர்: ரிக்கற் கொடுப்பவரை எழுதுவது எப்படி?

கதை எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால், யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "கதை பரவாயில்லை. ஆனால் அந்த பஸ் கொண்டக்டர் இருக்கிறாரே, அவர்தான் மனதில் நிற்கிறார்." ஏன் நிற்கிறார் என்று கேட்டால், "அதில் ஒரு உயிர் இருக்கு" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு போகாது.

புதிதாக எழுத வருகிறவருக்கு இந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. அவர் வீட்டுக்குப் போய், தன் கதையில் வரும் கொண்டக்டருக்கு ஒரு பெரிய மீசையை வைக்கிறார். போதவில்லை என்று நினைத்து வாயில் வெற்றிலையைத் திணிக்கிறார். அதுவும் போதாமல் திக்குவாயாக ஆக்குகிறார். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளில் இப்படிப்பட்ட கொண்டக்டர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். வாசித்து முடித்து அரை மணித்தியாலத்துக்குள் எல்லாரும் மறந்துபோய் விடுகிறார்கள். மீசை மட்டும் ஞாபகம் இருக்கிறது, அது யாருடைய மீசை என்பது தெரியவில்லை.

ஆகவே அந்த "உயிர்" எங்கே இருந்து வருகிறது என்பதை, முதன்முதலாகக் கதை எழுதுகிறவருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லிப் பார்க்கிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

ஒரு கதையில் ஒரே ஒரு காட்சிக்கு வந்து, அந்தக் காட்சியைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, பிறகு திரும்பி வராமல் போய்விடுகிறவரை இந்தக் கட்டுரையில் ஒற்றைக்காட்சிப் பாத்திரம் என்று அழைக்கிறேன். துணைப்பாத்திரம் வேறு. நாயகியின் தோழியோ மாமாவோ கதை முழுக்கக் கூடவே வருவார்கள். அவர்களை வாசகர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகித் தெரிந்துகொள்ளலாம். ரிக்கற் கொடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபோர்ஸ்டர் 1927 இல் வெளிவந்த தன் விரிவுரைகளில் பாத்திரங்களை இரண்டாகப் பிரித்தார். ஒரே எண்ணத்தை வைத்துக் கட்டப்பட்டு, கடைசிவரை மாறாமல் இருப்பவை தட்டைப் பாத்திரங்கள். நம்பக்கூடிய விதத்தில் நம்மை ஆச்சரியப்படுத்தக் கூடியவை உருண்டைப் பாத்திரங்கள். இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டவர்கள் பலர், தட்டை என்றால் கூடாது, உருண்டை என்றால் நல்லது என்று எடுத்துக்கொண்டு விட்டார்கள். ஃபோர்ஸ்டர் அப்படிச் சொல்லவில்லை. தட்டைப் பாத்திரங்களை வாசகர் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார், பிறகும் எளிதாக ஞாபகம் வைத்திருப்பார் என்று அவற்றின் பலத்தையும் அவரே எடுத்துச் சொல்கிறார். நம் கொண்டக்டரும் தட்டையாக இருக்கலாம். இருக்கத்தான் வேண்டும். ஒரு பக்கத்துக்குள் அவரை உருண்டையாக்கப் போனால் அவர் வீங்கிப் போவார்.

அப்போது கேள்வி இதுதான்: அவரைக் கட்டுகிற அந்த ஒரே எண்ணம் எதுவாக இருக்க வேண்டும்?

சந்தையில் யாரை ஞாபகம் வைத்திருக்கிறோம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேராவது "வாங்கோ அக்கா, வாங்கோ அண்ணை" என்று கூப்பிட்டிருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய முகமும் வீட்டுக்கு வந்து சேராது. ஆனால் ஒரு அம்மா உங்களைக் கூப்பிடவே இல்லை. குந்தியிருந்து தக்காளியைப் பிரித்துக்கொண்டிருந்தார், நல்லது ஒரு பக்கம், கனிந்தது ஒரு பக்கம். நீங்கள் கையை நீட்டியபோது நிமிர்ந்தும் பாராமல், "அது இண்டைக்கே சமைக்கிறதெண்டால் எடுங்கோ, நாளைக்கெண்டால் இஞ்சாலை" என்றார். அந்த அம்மாவைத்தான் வீட்டில் வந்து சொல்லுவீர்கள்.

ஏன்? அவர் விசித்திரமாக ஒன்றும் செய்யவில்லை. மற்றவர்கள் எல்லாரும் உங்களை நோக்கித் திரும்பி இருந்தார்கள். அவர்களுடைய முழு இருப்பும் உங்கள் வருகைக்காகக் காத்திருந்தது போல இருந்தது. இந்த அம்மாவோ நீங்கள் வருவதற்கு முன்பே ஒரு வேலையில் இருந்தார். நீங்கள் போன பிறகும் அதைத் தொடர்ந்திருப்பார். அந்த வேலைக்கு நடுவில் நீங்கள்தான் போய் நுழைந்தீர்கள்.

யாழ்ப்பாணத்தில் நாம் எதற்கும் அலுவல் என்ற சொல்லை வைத்திருக்கிறோம். "ஒரு அலுவலாய் வந்தனான்", "அலுவல் முடிஞ்சுதோ?" அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒற்றைக்காட்சிப் பாத்திரத்தைக் கட்டுகிற அந்த ஒரு எண்ணம், அவருடைய சொந்த அலுவல். அதாவது, நாயகி வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்தில் அவர் முடித்தாக வேண்டிய ஒரு சின்னக் காரியம். ரிக்கற் கொடுப்பது அவருடைய தொழில், அது அலுவல் ஆகாது. தொழிலுக்கு உள்ளே இன்றைக்கு வந்து முளைத்திருக்கிற ஒரு தொந்தரவுதான் அலுவல். மீசைக்கும் வெற்றிலைக்கும் இல்லாத ஒன்று அலுவலுக்கு இருக்கிறது: அது முடிய வேண்டும். முடிய வேண்டிய எதையும் வாசகர் தானாகவே பின்தொடர்வார்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான். வந்து போகிற பாத்திரம் ஆழமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் நாயகிக்காகக் காத்திருக்கக் கூடாது, தன் அலுவலுக்கு நடுவில் இருக்க வேண்டும்.

வாசலில் நிற்பவர்கள்

ஆனால் சொந்த அலுவல் மட்டும் போதாது. வீதியோரத்தில் ஒருவர் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு அலுவல் இருக்கிறது. நாயகி அவரைக் கடந்து போய்விடுகிறாள், ஒன்றும் நடக்கவில்லை. ரிக்கற் கொடுப்பவரை அப்படிக் கடக்க முடியாது. அவரிடம் காசைக் கொடுத்து, பதில் சொல்லி, அவர் கையிலிருந்து ஒன்றை வாங்கினால்தான் அப்பால் போகலாம். வாயிற்காவலர், படகுத்துறையில் ஆள் எண்ணுகிறவர், ஆசுப்பத்திரியில் துண்டு கொடுப்பவர் எல்லாரும் இந்த வகை. இவருடைய அலுவலும் நாயகியின் அவசரமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. இதை உராய்வு என்று வைத்துக்கொள்வோம். உராய்வு என்றால் சண்டை என்று அர்த்தம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே நிமிடம் தேவை, ஆனால் வேறு வேறு காரியத்துக்குத் தேவை. அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு நான் கண்ட மிகப் பெரிய உதாரணம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் வரும் வாயிற்காவலன். பள்ளிக்கூடத்தில் அந்தக் காதையைப் படித்தபோது எல்லாரும் கண்ணகியையும் பாண்டியனையும்தான் பார்த்தோம். நடுவில் நிற்கிற இந்த ஆளைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாசலுக்கு வருகிறாள். "வாயிலோயே வாயிலோயே" என்று அவனைக் கூப்பிட்டு, அறிவற்றுப்போய் முறை தவறிய அரசனின் வாயிலோயே என்று அரசனைத் திட்டிவிட்டு, தான் சொல்லி அனுப்ப வேண்டியதைச் சொல்கிறாள்: "இணையரிச் சிலம்பொன்று ஏந்திய கையள், கணவனை இழந்தாள், கடையகத்தாள்" என்று அறிவிப்பாயே. அவளுடைய அவசரம் இது. அவனுடைய அலுவல் வேறு. வாசலுக்கு வந்திருப்பது யார் என்று அரசனுக்கு அறிவிக்க வேண்டும், ஆனால் வந்திருப்பது யார் என்று அவனுக்கே விளங்கவில்லை.

அவன் என்ன செய்கிறான்? முதலில் வழக்கம்போல அரசனை வாழ்த்துகிறான். பிறகு, தெரியாததைச் சொல்ல முடியாமல், யார் இல்லை என்று சொல்லத் தொடங்குகிறான். கொற்றவை அல்லள். கன்னியர் எழுவரில் இளையவள் அல்லள். இறைவனை ஆடவைத்த அணங்கு அல்லள். காட்டை விரும்பிய காளி அல்லள். தாருகனின் மார்பைக் கிழித்தவளும் அல்லள். ஐந்து தெய்வங்களைத் தேடி எடுத்து, ஐந்தையும் இல்லை என்கிறான். பிறகு "செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்" என்கிறான். கோபம் போலத் தெரிகிறது என்பதற்கு மேல் அவனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. கடைசியில்தான் அவள் தந்த செய்தி வருகிறது: "பொற்றொழிற் சிலம்பொன்று ஏந்திய கையள், கணவனை இழந்தாள், கடையகத்தாளே."

இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசனைத் திட்டிய பகுதியை அவன் சத்தமில்லாமல் விட்டுவிட்டான். வாசலில் வேலை பார்க்கிறவன் அதை எப்படி உள்ளே கொண்டுபோய்ச் சொல்லுவான்? அவள் இணையான சிலம்புகளில் ஒன்று என்று சொன்னதை, அவன் பொன்வேலை செய்த சிலம்பு என்று மாற்றிவிட்டான். அவளுக்கு அது சோடியில் ஒன்று, அவன் கண்ணில் பட்டது பொன். ஒரு செய்தியைக் கொண்டுபோன வழியில் அவன் எதை விட்டான், எதைச் சேர்த்தான், எதை மாற்றினான் என்பதிலேயே அவன் முழுதாக நிற்கிறான். அவனுக்குப் பெயர் இல்லை, உருவ வருணனை இல்லை, குடும்பம் இல்லை. அரசன் "வருக மற்றவள், தருக ஈங்கு" என்றதும் அவன் வேலை முடிந்தது.

அதே நேரம், அவன் பேசியதால் நமக்குக் கண்ணகி புதிதாகத் தெரிகிறாள். அதுவரை அவளோடு நடந்து வந்த நாம், இங்கே வெளியில் நின்று பயந்துபோன ஒருவனின் கண்ணால் அவளைப் பார்க்கிறோம். அவன் தன் அலுவலைப் பார்த்தான், அதில் அவளுடைய உருவம் தெரிந்தது.

சேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலும் ஒரு வாயிற்காவலன் உண்டு, இரண்டாம் அங்கம் மூன்றாம் காட்சியில். உள்ளே அரசன் கொலையுண்டு கிடக்கிறான், வெளியே கதவைத் தட்டுகிறார்கள். இவனோ குடிமயக்கத்தில், நரகத்தின் வாசலைக் காப்பவனாகத் தன்னை நினைத்துக்கொண்டு, வருகிற பாவிகளுக்கு ஒவ்வொருவராக வரவேற்புச் சொல்லுகிறான். கடைசியில் கதவைத் திறந்துவிட்டு, காவலனை மறந்துவிடாதேயுங்கோ என்று காசும் கேட்கிறான். உள்ளே நடந்தது அவனுக்குத் தெரியாது. உண்மையிலேயே அது நரக வாசல்தான் என்பது நமக்கு மட்டும் தெரியும்.

ஆக, அலுவல் ஒன்று, உராய்வு இரண்டு. மூன்றாவதாக, இந்த இரண்டு காவலர்களிடமும் பொதுவாக உள்ள ஒன்று: முக்கிய பாத்திரத்தின் உள்விடயம் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே அதைத் தொட்டுவிடுகிறார்கள்.

பருத்தித்துறை பஸ்ஸில் ஒரு கொண்டக்டர்

இனி நாமே ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். கதை இதுதான். சிவமலர் என்ற ஐம்பது வயதுப் பெண் நீர்வேலியிலிருந்து நெல்லியடிக்கு நொத்தாரிசிடம் போகிறாள். மடியில் காணி உறுதி இருக்கிறது. காணி அவள் பெயரில்தான். ஆனால் கிணற்றடிப் பக்கத் துண்டு தங்கச்சிக்கு என்று அம்மா சாகும்போது வாயால் சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. சிவமலர் முழுவதையும் இன்றைக்கு விற்கப் போகிறாள். பஸ்ஸில் ஒரு கொண்டக்டர் வருகிறார்.

முதல் வரைவில் பெரும்பாலும் நடப்பது என்ன என்றால், கொண்டக்டர் வெற்றிலைச் சிவப்பு வாயோடு "ஏறுங்கோ, ஏறுங்கோ, பின்னுக்குப் போங்கோ" என்று கத்துவார். பயணிகள் சிரிப்பார்கள். சிவமலர் ரிக்கற் எடுப்பாள். அவரை எடுத்துவிட்டு ஒரு இயந்திரம் ரிக்கற் தந்தது என்று எழுதினாலும் கதையில் ஒரு மாற்றமும் வராது. இதுதான் முதல் சோதனை, எப்போதும் பயன்படும்: இயந்திரத்தை வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் வரைவில் எழுதுகிறவர் உசாராகி, கொண்டக்டர் வாயில் ஞானத்தை வைப்பார். "வாழ்க்கையும் பஸ் மாதிரித்தான் அக்கா, எல்லாரும் ஒரு இடத்திலை இறங்கத்தானே வேணும்." இது முதல் வரைவை விட மோசம். ஏனென்றால் இந்த ஆள் நாயகியின் நெஞ்சுக்குள் இருப்பதை அறிந்து, அதற்குப் பதில் சொல்லவே பஸ் ஏறியிருக்கிறார். சந்தையில் "வாங்கோ அக்கா" என்று கூப்பிட்ட பத்துப் பேரில் ஒருவர்தான் இவரும், சரக்கு மட்டும் வேறு.

மூன்றாவதாக, அவருக்கு ஒரு அலுவல் தேடுவோம். தேட வேண்டிய இடம் அவருடைய தொழில்தான். கொண்டக்டரின் நாளில் எது சிக்கலாகும்? சில்லறை. மிச்சக் காசு உடனே இல்லாவிட்டால் ரிக்கற்றின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கொடுத்து, இறங்குமுன் தருவார். இறங்குகிறவர் மறந்துபோய் விட்டால்? மாலையில் முதலாளியிடம் கணக்குக் கொடுக்கும்போது காசு கூடி நிற்கும். போதும், இதற்குள்ளே ஒரு ஆள் இருக்கிறார்.

சிவமலர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.

"மாத்தின காசு இல்லையோ அக்கா?"

"இல்லைத் தம்பி."

அவன் தோள்பையைத் துழாவினான். சட்டைப் பையில் வேறாக மடித்து வைத்த மூன்று இருபது ரூபாய்த் தாள்கள் தெரிந்தன.

"உதிலை இருக்குதே."

"அது என்ரை இல்லை." பையைக் கையால் பொத்திக்கொண்டான். "நீங்கள் நீர்வேலியோ? முந்தநாள் பின்னேரம் உங்கடை சந்தியிலை ஒரு ஐயா இறங்கினவர். கறுத்தக் குடை. காது கொஞ்சம் கேளாது போலை, நான் கூப்பிடக் கூப்பிட நடந்து போட்டார். ஆரெண்டு தெரியுமோ?"

"குடையோடை எத்தினை ஐயாமார் திரியினம்."

"எல்லாரும் உதைத்தான் சொல்லினம். ரெண்டு நாளாய்க் கணக்குக் குடுக்கேக்கை இதை வேறயாய் எடுத்து வைக்கிறன். அறுபது ரூபா கூடினால் எங்கையோ ரிக்கற் குடுக்கேல்லை எண்டுதான் முதலாளி நினைப்பார்."

"அப்ப செலவழிச்சுப் போட்டு விடுமன்."

"பின்னாலை எழுதிக் குடுத்திட்டன் அக்கா. துண்டு அவரிட்டை இருக்கு."

"அவர் அதை எப்பவோ எறிஞ்சிருப்பார்."

"எறிஞ்சிருப்பார்" என்று அவனும் ஒத்துக்கொண்டான். ரிக்கற்றைக் கிழித்து, பின்பக்கத்தில் அவளுடைய மிச்சத்தை எழுதினான். "நெல்லியடிக்கு முதல் தாறன்." அடுத்த சீற்றுக்குத் திரும்பினான். "அண்ணை, நீர்வேலியோ?"

பஸ் வல்லைவெளிக்கு வந்திருந்தது. காற்று யன்னலால் அடித்தது. சிவமலர் ரிக்கற்றைத் திருப்பி, அவன் எழுதியதை வாசித்தாள்.

இது எப்படி வேலை செய்கிறது

கொண்டக்டரின் பேச்சை மட்டும் எடுத்து, சிவமலரின் வரிகளைக் கையால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். அவருக்கு ஒரு கதை இருக்கிறது: குடை வைத்த ஐயாவைக் கண்டுபிடித்து அறுபது ரூபாயைக் கொடுத்துத் தொலைக்க வேண்டும். இதுதான் இரண்டாவது சோதனை. நாயகியை மறைத்த பிறகும் அந்த ஆளிடம் ஒரு காரியம் மிஞ்சி இருக்க வேண்டும்.

அவரை நான் நல்லவராக எழுதப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவருடைய முதல் கவலை முதலாளியின் கணக்கு. அந்தக் கவலையை எடுத்துவிட்டு "அடுத்தவன் காசு எனக்கு வேண்டாம்" என்று அவர் சொல்லியிருந்தால், சிவமலருக்குப் பாடம் சொல்ல வந்த வாத்தியாராகி விடுவார். கணக்குத் தொந்தரவு இருப்பதால்தான் "துண்டு அவரிட்டை இருக்கு" என்ற வரி பாடமாகத் தெரியாமல், ஒரு மனுசனின் சின்னப் பிடிவாதமாகத் தெரிகிறது. தங்கச்சியிடம் அப்படி ஒரு துண்டு இல்லை. இது அவருக்குத் தெரியாது, சிவமலருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். இந்த மூன்று பேருக்கு இடையில்தான் காட்சி நிற்கிறது.

சிவமலர் என்ன செய்தாள் என்பதையும் பாருங்கள். "செலவழிச்சுப் போட்டு விடுமன்", "எறிஞ்சிருப்பார்" என்று அவள் அவருக்குச் சொல்லுவது எல்லாம் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய நியாயங்கள். அதற்கு அவளிடம் வேறு ஆள் கிடையாது. கண்ணகியை வாயிற்காவலன் காட்டினது போல, இந்த ஆள் சிவமலரை நமக்குக் காட்டுகிறார். அவளிடம் அவர் கேட்டது என்னவோ ஒரு ஐயாவைத் தெரியுமோ என்பதைத்தான்.

ஆக, அலுவல் அவருடையது, அதில் தெரிகிற முகம் அவளுடையது.

எங்கே பிழைக்கும்

இந்த வகைப் பாத்திரம் கெட்டுப்போகிற வழிகளில் நான் அடிக்கடி காண்பது, பாவம் பார்த்து அவருக்கு ஒரு கடந்தகாலம் கொடுப்பது. கொண்டக்டரின் தகப்பன் இடப்பெயர்வில் காணாமல் போனவர், அதனால்தான் எந்த ஐயாவைக் கண்டாலும் அவருக்கு மனம் இளகும் என்று ஒரு பத்தி வரும். எங்கள் ஊரில் இது யாருக்கும் நடந்திருக்கக் கூடியது, அதனால் எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரிய துயரத்தை ஒரு பக்கத்தில் தொட்டுவிட்டு விடுவது அந்தத் துயரத்துக்கும் நியாயம் இல்லை, கதைக்கும் நியாயம் இல்லை. காரணம் கிடைத்தவுடன் அந்த மூன்று தாள்களும் வெறும் அடையாளமாகி விடும். அப்படி ஒரு தகப்பன் உங்களுக்கு முக்கியம் என்றால் அவருக்குத் தனிக் கதை எழுதுங்கள்.

அடுத்தது பேச்சுமொழி. நாயகி எழுத்துத் தமிழில் பேச, கொண்டக்டர் மட்டும் ஊர்த் தமிழில் பேசுவார். எழுதியவர் உயிர் கொடுப்பதாக நினைத்திருப்பார், ஆனால் அந்தப் பேச்சு அவரை வேடிக்கைப் பொருளாக்குகிறது. ஒரே பஸ்ஸில் போகிற, ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே மாதிரித்தான் கதைப்பார்கள். மேலே இரண்டு பேரையும் ஒரே மொழியில் விட்டது அதனால்தான். வேறுபாடு அவர்கள் எதைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பதில் வரட்டும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு, அது கொஞ்சம் திறமை வந்த பிறகு வரும். பாத்திரம் மிதமிஞ்சி நன்றாக வந்துவிடும். கதையை முடித்த வாசகர், "சிவமலர் கையெழுத்து வைத்தாளா?" என்று கேட்காமல், "அந்த ஐயா காசை வாங்கினாரா?" என்று கேட்டால், கொண்டக்டர் கதையையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதற்கு அளவு முக்கியம். அறுபது ரூபா என்று வைத்ததற்குக் காரணம் அதுதான். அறுபதாயிரம் என்று போட்டிருந்தால் காசு தொலைத்த ஐயாவின் வீட்டு நிலை என்ன என்று மனம் அந்தப் பக்கம் ஓடியிருக்கும். அவருடைய அலுவல் நாயகியின் பிரச்சினையைப் போன்ற வடிவத்தில் இருக்கலாம், ஆனால் அதைவிட எத்தனையோ மடங்கு சின்னதாக இருக்க வேண்டும். நீளமும் அப்படித்தான். மேலே உள்ள காட்சியை இன்னும் ஒரு பக்கம் இழுத்திருந்தால், அவர் வேறு பயணிகளிடமும் விசாரித்து, ஒருவர் குடைக்கார ஐயாவைத் தெரியும் என்று சொல்லி, அது தனியாக ஒரு கதையாக ஓடத் தொடங்கியிருக்கும்.

போக விடுவது

அவரை எப்படி வெளியே அனுப்புவது என்பதில்தான் கூடுதலாக இடறுகிறோம். பிடித்துப்போன பாத்திரத்தை விட மனம் வருவதில்லை. எங்கள் வட்டத்தில் இதே மாதிரியான ஒரு கதையை எழுதிய ஒருவர், கடைசிப் பக்கத்தில் நாயகி திரும்பி வருகிற பஸ்ஸிலும் அதே கொண்டக்டரை ஏற்றிவிட்டார். ஐயாவைக் கண்டுபிடித்தாயிற்று, காசையும் கொடுத்தாயிற்று என்று அவர் சந்தோசமாகச் சொன்னார். வாசித்த எல்லாருக்கும் அந்த இடத்தில் கதை சப்பென்று போய்விட்டது. முதல் காட்சியில் அவர் அந்தக் காசைச் சுமந்துகொண்டு நின்றதுதான் நம்மைப் பிடித்திருந்தது. காசைக் கொடுத்து முடித்தவரிடம் சுமக்க ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னோம். எழுதியவர் இரண்டு கிழமை யோசித்துவிட்டுத்தான் எடுத்தார்.

அலுவல் முடியாமலே அவர் போகலாம். ஆனால் நாயகியோடு அவருக்கு இருந்த கொடுக்கல் வாங்கல் முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசகர் அவர் திரும்பி வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். சிவமலரின் மிச்சக் காசை அவர் நெல்லியடிக்கு முன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது பாக்கி. ஆகவே காட்சிக்கு இன்னும் மூன்று நாலு வரி தேவைப்படுகிறது. நான் இப்படி எழுதினேன்:

நெல்லியடியில் இறங்கும்போது அவன் தோள்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தான். "சரி பாருங்கோ அக்கா." சரியாகத்தான் இருந்தது. சட்டைப் பையில் அந்த மூன்று தாள்களும் அப்படியே இருந்தன. பஸ் நகரத் தொடங்கியது. மிதிபலகையில் தொங்கியபடி அவன் யாரையோ கேட்பது கேட்டது: "ஐயா, நீங்கள் நீர்வேலிப் பக்கமோ?"

முதலில் இதற்குப் பிறகு, சிவமலர் பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று ஒரு வரி இருந்தது. அடுத்த நாள் வாசித்தபோது அதை வெட்டிவிட்டேன். நொத்தாரிசு கந்தோர் மற்றப் பக்கம் இருக்கிறது. அவள் அங்கே திரும்பி நடக்க வேண்டும், உறுதியும் கையில் இருக்கிறது.